நூற்பாலை விற்பனையும் இரண்டில் குறைந்த தொகையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொங்குப் பகுதியில் பங்குச் சந்தையில் பட்டியலிட்ட ஒரு ஜவுளி நிறுவனம். அதற்கு இரண்டு தொழில்கள்: ஒரு நூற்பாலை, திருப்பூரில் ஒரு பின்னலாடைப் பிரிவு. நூற்பாலையைப் பல வருடங்களுக்கு முன்பு வேறொருவரிடமிருந்து தொழிலாகவே வாங்கியிருந்தார்கள். அப்போது கூடுதலாகக் கொடுத்த விலை 3 கோடி ரூபாய் குட்வில்லாகப் புத்தகத்தில் நின்றது.

2021-22 நூற்பாலைகளுக்கு நல்ல வருடம். அதற்குப் பிறகு பஞ்சு விலை ஏறிக்கொண்டே போய், 2022 மே மாதம் ஒரு கண்டி, அதாவது 356 கிலோ, ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் பஞ்சு வாங்கிய ஆலைகள், நூல் விலை இறங்கியதும் மாட்டிக்கொண்டன. இந்த நிறுவனமும் அப்படித்தான். நூற்பாலையை விற்றுவிட்டுப் பின்னலாடையை மட்டும் நடத்தலாம் என்று குடும்பத்துக்குள் பேச்சு வந்தது.

கணக்கை எப்படிக் காட்டுவது என்று உதவ என்னை வெளியிலிருந்து அழைத்தார்கள். கணக்கு மேலாளரும் நிதித் தலைவரும் என்னோடு வேலை செய்தார்கள். தணிக்கையாளர் தனியாக எங்கள் வேலையைச் சோதித்தார். பொருந்தும் விதி, இந்தியக் கணக்கியல் தரநிலைகளில் ஒன்றான இண்ட் ஏஎஸ் 105. உலக அளவில் அதன் மூலம் 2004-இல் வெளிவந்த ஐஎஃப்ஆர்எஸ் 5. எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் வரி ஒன்றுதான்: விற்பனைக்கு வைத்த சொத்தைப் புத்தக மதிப்பு, விற்பனைச் செலவு போக நியாய மதிப்பு, இந்த இரண்டில் குறைந்த தொகையில் காட்டு. அந்த வரியில் எங்களுக்குத் தகராறு வரவில்லை. எந்த நாளில் ஒப்பிடுவது, ஒப்பிடும் முன் என்னென்ன செய்திருக்க வேண்டும், வந்த நட்டம் எதன் தலையில் விழும் என்பதில்தான் வந்தது.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை

2022 செப்டம்பரில் இயக்குநர் குழு, நூற்பாலையை விற்பது பற்றி ஆராயலாம் என்று ஒரு தீர்மானம் போட்டது. அடுத்த வாரமே நிர்வாக இயக்குநர் கேட்டார்: “இனிமேல் தேய்மானம் போட வேண்டியதில்லையே?” அவர் கேட்டதில் விஷயம் இருக்கிறது. விற்பனைக்கு வைத்ததாக வகைப்படுத்திய சொத்துக்குத் தேய்மானம் நின்றுவிடும். இந்த ஆலையில் அது மாதம் 35 லட்சம். லாபம் ஓடாத நேரத்தில் 35 லட்சம் பெரிய தொகை.

ஆராயலாம் என்பது விற்கிறோம் என்பதாகாது. அப்போது விலை இல்லை, வாங்குபவரைத் தேடும் ஏற்பாடு இல்லை, திட்டம் மாறாது என்று சொல்ல யாரும் தயாராகவும் இல்லை. அதனால் தேய்மானம் தொடர்ந்தது.

டிசம்பரில் ஒரு மெர்ச்சன்ட் பேங்கரை அமர்த்தி, விற்பனைக் குறிப்பேடு அனுப்பினார்கள். கேட்ட விலை 95 கோடி. வந்த பதில்கள் எல்லாம் 70-ஐ ஒட்டி இருந்தன. வாங்குபவரைத் தேடத் தொடங்கியாகிவிட்டதே, இப்போதாவது வகை மாற்றலாமா என்று மறுபடி கேட்டார்கள். முடியாது என்றேன். நடப்பு நியாய மதிப்பைப் பார்க்கும்போது நியாயமாகத் தெரியும் விலையில் சந்தைப்படுத்தினால்தான் விற்பனை நடக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று விதி ஒத்துக்கொள்ளும். 70 சொல்லும் சந்தையில் 95 கேட்பவர், நடந்தால் பார்க்கலாம் என்று காத்திருப்பவர்.

ஜனவரி 31

2023 ஜனவரி 31 அன்று நடந்த குழுக் கூட்டத்தில் இரண்டு வேலை. ஒன்று, டிசம்பர் காலாண்டு முடிவுகளை ஏற்பது. இன்னொன்று, கேட்கும் விலையை 72 கோடிக்கு இறக்கி, விற்பனைத் திட்டத்தை உறுதி செய்வது. அதற்குள் இரண்டு பேர் ஆலையை வந்து பார்த்து, கட்டுப்படுத்தாத விலைக் கடிதம் கொடுத்திருந்தார்கள்: ஒன்று 72, ஒன்று 69.

எல்லா நிபந்தனையும் நிறைவேறியது அன்றுதான். இப்போதைய நிலையிலேயே ஆலையைக் கைமாற்றிவிடலாம். வங்கியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் மட்டும் வர வேண்டும், அது எந்த ஆலை விற்பனையிலும் வழக்கமாக வேண்டியது. ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும் என்று எதிர்பார்ப்பு. கம்பெனிகள் சட்டம் 180(1)(அ) பிரிவின்படி பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் பாக்கி இருந்தது. ஆனால் ஒப்புதல் கையில் வந்திருக்க வேண்டும் என்று விதி கேட்பதில்லை, கிடைக்கும் வாய்ப்பை எடைபோடச் சொல்கிறது. குடும்பத்திடம் 71 சதவீதப் பங்கு. பெரிய முதலீட்டாளர் ஒருவரும் ஆதரவு சொல்லியிருந்தார்.

ஒரே கூட்டம் என்பதால் ஒரு சபலம் வந்தது. டிசம்பர் காலாண்டு முடிவைத்தானே ஏற்கிறோம், அதிலேயே நூற்பாலையைத் தனி வரியாகக் காட்டிவிடலாமே என்றார் நிர்வாக இயக்குநர். பத்தி 12 அதைத் தடுக்கிறது. நிபந்தனைகள் கணக்கு முடிந்த தேதிக்குப் பிறகு நிறைவேறினால், அந்தக் கணக்கில் வகை மாற்றக் கூடாது. நடந்ததைக் குறிப்பில் சொன்னால் போதும். அப்படியே செய்தோம்.

விற்பனைக்குப் போவதில் எது சேரும்

பிப்ரவரி முதல் வாரம் சொத்துப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆலையைச் சுற்றினோம். ரிங் பிரேம் ஓடும் கூடத்தின் கடைசி வரிசையில் ஆறு பிரேம்கள் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தன. தார்ப்பாயைத் தூக்கினால் கதிர்கள் பாதி இல்லை, மற்ற பிரேம்களுக்கு உதிரியாகக் கழற்றிப் போயிருக்கின்றன. பதிவேட்டில் அவை 60 லட்சம். வாங்கப்போகிறவர் அவற்றை வேண்டாம் என்று பட்டியலிலேயே அடித்திருந்தார். ஃபோர்மேன் சிரித்துக்கொண்டே சொன்னார், “இது ஓடி ரெண்டு வருஷம் ஆச்சுங்க.”

இந்த ஆறும் விற்பனைத் தொகுதியில் சேராது. ஒரே பரிவர்த்தனையில் ஒன்றாகக் கைமாறுவதுதான் தொகுதி. இவை தனியாக, மதிப்பு இறங்கியிருக்கிறதா என்று பார்க்கும் இம்பேர்மென்ட் சோதனைக்குப் போய், பழைய இரும்பு விலைக்கு இறங்கின.

கடன் பக்கத்திலும் இதே கேள்வி. இயந்திரங்களுக்கு வாங்கிய வங்கிக் கடனை விற்பனைக்கு வைத்த தொகுதியின் கடனாகக் காட்ட நிதித் தலைவர் விரும்பினார். அந்தக் கடன் வாங்குபவருக்குப் போகவில்லை, விற்ற பணத்தில் நிறுவனம்தான் அடைக்கும். அதனால் அது மற்றக் கடன்களோடு இருந்த இடத்திலேயே இருந்தது. வாங்குபவர் ஏற்பது சப்ளையர் பாக்கியும் தொழிலாளர் கிராஜுவிட்டியும்தான்.

ஆக ஜனவரி 31 அன்று தேய்மானம் போக நின்ற தொகை: குட்வில் 3, நிலம் 6, கட்டடம் 14, இயந்திரம் 40, சரக்கு 22, வரவேண்டிய பாக்கி 15, எல்லாம் கோடியில். மொத்தம் 100. கழிக்க வேண்டிய கடன் 19. நிகரம் 81.

முதலில் அவரவர் விதி

கணக்கு மேலாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டு வந்தார். விலை 72. செலவு போக நியாய மதிப்பு இவ்வளவு, நிகரம் 81, வித்தியாசம் நட்டம். அந்த நட்டத்தை 100 கோடிச் சொத்தின் மேல் விகிதப்படி பிரித்திருந்தார். பார்க்க நேர்த்தியாகத்தான் இருந்தது.

பிழை இரண்டு இடத்தில். ஒப்பிடும் முன் ஒவ்வொரு இனத்தையும் அதனதன் விதிப்படி அளந்திருக்க வேண்டும். அதைப் பத்தி 18 கேட்கிறது. சரக்குக்கு இண்ட் ஏஎஸ் 2, வரவேண்டிய பாக்கிக்கு இண்ட் ஏஎஸ் 109. உச்ச விலையில் வாங்கிய பஞ்சில் நூற்ற நூல் கிடங்கில் இருந்தது. விற்றால் கிடைக்கும் விலையைப் பார்த்தபோது சரக்கு 22-லிருந்து 20-க்கு இறங்கியது. ஈரோட்டு விசைத்தறிக்காரர் இருவரின் பழைய பாக்கியில் ஒரு கோடி சந்தேகத்துக்குரியது, பாக்கி 14 ஆனது. நிகரம் இப்போது 78.

இந்த 3 கோடி எந்த வகையிலும் வரப்போகிற நட்டம்தானே, எதற்கு வரிசை என்று கேட்கலாம். காரணம் அடுத்த பிழையில் தெரியும். இரண்டில் குறைந்தது என்ற அளவீடு முழுத் தொகுதிக்கும் பொருந்தும். ஆனால் அதில் வரும் நட்டத்தைச் சரக்கின் மேலோ பாக்கியின் மேலோ போட முடியாது. அவற்றை அளக்கும் விதி வேறு. தொகுதியின் நட்டம் குட்விலிலும் நிலையான சொத்துகளிலும்தான் விழும். வரிசை மாறினால், சரக்கின் நட்டம் இயந்திரத்தின் மேல் ஏறிவிடும். பிறகு அந்தச் சரக்கை விற்கும்போது இன்னொரு முறை நட்டம் தெரியும்.

இரண்டில் குறைந்தது

நியாய மதிப்புக்கு 72 எடுத்தோம். கடிதத்தில் எழுதிய விலை என்பதால் மட்டும் எடுக்கவில்லை. சுயேச்சை மதிப்பீட்டாளரின் கணக்கும் அதை ஒட்டியே வந்தது. சந்தையில் வாங்கக்கூடிய ஒருவர் கொடுக்கும் விலை எது என்பதுதான் கேள்வி, எங்களுக்குப் பிடித்த வாங்குபவர் எது சொன்னார் என்பதல்ல.

விற்பனைச் செலவில் கணக்கு மேலாளரின் பட்டியல் நீளமாக இருந்தது. மெர்ச்சன்ட் பேங்கர் கட்டணம் 1.08 கோடி, வழக்கறிஞரும் ஆவணச் செலவும் 0.42. இவை சரி. அதற்குக் கீழே, விற்பனை முடியும்வரை ஓடும் வட்டி, மூலதன ஆதாய வரி, சில அலுவலர்களுக்குத் தரப்போகிற விலகல் தொகை. மூன்றையும் அடித்தோம். நிதிச் செலவும் வருமான வரியும் விற்பனைச் செலவு ஆகாது என்று வரையறையிலேயே இருக்கிறது. விலகல் தொகை ஊழியர் பலன் விதிப்படி, கடமை உருவாகும் நாளில் தனியாகப் பதிவாகும். இங்கே சேர்த்தால் நட்டத்தை முன்கூட்டியே பெருக்கிக்கொள்வோம்.

72-இல் 1.5 போக 70.5. புத்தக நிகரம் 78. குறைந்தது 70.5. நட்டம் 7.5 கோடி.

இதில் முதலில் குட்வில்லின் 3 முழுவதும் போனது. மீதி 4.5, நிலம், கட்டடம், இயந்திரம் மூன்றுக்கும் விகிதப்படி. 60-க்கு 4.5 என்றால் நூற்றுக்கு 7.5.

| இனம் | முன்பு | நட்டம் | பின்பு |
|---|---|---|---|
| குட்வில் | 3.00 | 3.00 | 0.00 |
| நிலம் | 6.00 | 0.45 | 5.55 |
| கட்டடம் | 14.00 | 1.05 | 12.95 |
| இயந்திரம் | 40.00 | 3.00 | 37.00 |
| மொத்தம் | 63.00 | 7.50 | 55.50 |

நிலத்தில் 45 லட்சம் நட்டம் என்றதும் நிர்வாக இயக்குநருக்குக் கோபம் வந்தது. “அந்த நிலம் ஆறு கோடிக்கா? பக்கத்துத் தோட்டம் என்ன விலைக்குப் போச்சுன்னு தெரியுமா?” அவர் சொன்னது உண்மை. நிலத்தின் சந்தை விலை புத்தக விலையைவிட மிக அதிகம். சாதாரண இம்பேர்மென்ட்டில் ஒரு தனிச் சொத்தை அதன் நியாய மதிப்புக்குக் கீழே இறக்கக் கூடாது என்ற தடை இருக்கிறது, இண்ட் ஏஎஸ் 36-இன் பத்தி 105. ஆனால் இண்ட் ஏஎஸ் 105-இன் பத்தி 23, நட்டத்தைப் பிரிக்க 36-இன் 104, 122 ஆகிய பத்திகளை மட்டுமே சுட்டுகிறது. அந்தத் தடையைச் சுட்டவில்லை. தணிக்கையாளரோடு இதற்காக ஒரு முழு மாலை போனது. கடைசியில் விதி சுட்டியதை மட்டும் பின்பற்றினோம். தொகுதி மொத்தமாகத்தான் விலை போகிறது. அதற்குள் நிலத்துக்கு எவ்வளவு, இயந்திரத்துக்கு எவ்வளவு என்பது இருப்புநிலைக் குறிப்பில் யாருக்கும் தனி வரியாகத் தெரியப்போவதில்லை. நிலம் மட்டும் தனியாக விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்தால் கதை வேறு. அப்போது அதன் புத்தக விலையே குறைந்தது, நட்டமே வராது.

மார்ச் 31

மார்ச் 24 அன்று விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குள் நடைமுறை மூலதனம், அதாவது சரக்கும் பாக்கியும் சேர்த்துக் கடன் போக நிற்பது, 15-லிருந்து 13 கோடியாக இறங்கியிருந்தது, விலையும் அதோடு 2 குறைந்தது. வாங்குபவரின் பொறியாளர் வந்து ஸ்பீட் பிரேம்களைப் பார்த்துவிட்டு இன்னும் 2.5 குறைத்தார். விலை 67.5. செலவு அதே 1.5, போக 66.

தொகுதியின் நிகரம் எவ்வளவு? நிலையான சொத்து 55.5, சரக்கு 17, பாக்கி 13, கழிக்கக் கடன் 17. அதாவது 68.5. ஒப்பிட்டால் புது நட்டம் 2.5, இயந்திரங்களின் நிலை பற்றிய அந்த இறக்கம்தான். மறுபடியும் நிலம், கட்டடம், இயந்திரத்தில் விகிதப்படி. சொத்துகள் 53 ஆயின.

ஆனால் முதலில் கணக்கு மேலாளர் கொண்டுவந்த தாளில் புது நட்டம் 1.8 என்று இருந்தது. ஏன் 70 லட்சம் குறைகிறது என்று தேடியதில், மென்பொருள் பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் தேய்மானத்தைத் தானாகப் போட்டிருந்தது தெரிந்தது. ஜனவரி முடிவில் யாரும் அந்தச் சொத்து வகையை நிறுத்தவில்லை. மாதம் 35 லட்சம், இரண்டு மாதம், 70 லட்சம். விற்பனைத் தொகுதியின் நிலையான சொத்து முந்தைய அளவீட்டுக்குப் பிறகு ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது. நகர்ந்தால் எங்கோ தேய்மானம் ஓடுகிறது.

“0.7-உம் 1.8-உம் சேர்த்தால் அதே 2.5-தானே” என்றார் நிதித் தலைவர். அந்த வருடத்தில் மொத்த நட்டம் ஒன்றுதான், சரி. ஆனால் அளவீட்டு நட்டத்தைக் குறிப்பில் தனியாக வெளியிட வேண்டும், அந்த எண் தவறாகும். விலை பின்னால் ஏறினால் எவ்வளவு திருப்பி எடுக்கலாம் என்ற உச்சவரம்பும் அந்த எண்ணில்தான் தொங்குகிறது. இதுவரை பதிவான இம்பேர்மென்ட் நட்டத்துக்கு மேல் ஆதாயம் எடுக்க முடியாது. தேய்மானமாகப் போனது அந்த வரம்பில் சேராது. எங்கள் கணக்கில் வரம்பு 4.5-உம் 2.5-உம் சேர்த்து 7 கோடி. குட்வில்லின் 3 கோடியையும் சேர்க்கலாமா என்பதில் வாதம் உண்டு. நான் சேர்த்திருக்கமாட்டேன். எங்களுக்கு அந்த நிலை வரவில்லை.

ஒற்றை வரி

நூற்பாலை தனியான ஒரு பெரிய தொழில். அதன் செயல்பாடும் பணப்புழக்கமும் தெளிவாகப் பிரித்துக் காட்டக்கூடியவை. அதனால் அது விற்பனைக்கு வைத்த தொகுதி மட்டுமில்லை, நிறுத்தப்பட்ட செயல்பாடும்கூட. லாப நட்டக் கணக்கில் அதன் வருமானம், செலவு எல்லாம் அந்தந்த வரியிலிருந்து எடுக்கப்பட்டு, வருமான வரி போக ஒரே தொகையாகக் கீழே போனது.

2022-23-இல் ஆலையின் நட்டம், சரக்கு, பாக்கிக் குறைப்பு உட்பட, 9 கோடி. அளவீட்டு நட்டம் 7.5-உம் 2.5-உம் சேர்த்து 10. வரிச் சலுகை சுமார் 4, குட்வில்லுக்கு வரிச் சலுகை இல்லாமல். நிறுத்தப்பட்ட செயல்பாட்டின் நட்டம் சுமார் 15 கோடி. இதன் பிரிவினை குறிப்பில். ஒரு பங்கின் வருவாயும் தொடரும் தொழிலுக்கு, நிறுத்தப்பட்டதற்கு, இரண்டும் சேர்த்து என்று மூன்றாக வந்தது.

கஷ்டமான பகுதி முந்தைய வருடம்தான். லாப நட்டக் கணக்கில் 2021-22-ஐயும் அதே வடிவில் மாற்றிக் காட்ட வேண்டும். அந்த வருடம் நிறுவனத்தின் வரிக்கு முந்தைய லாபம் 38 கோடி, அதில் 24 நூற்பாலையுடையது என்று உள் கணக்குகள் சொல்லின. ஆனால் அந்த 24-ஐக் கணக்கிடும்போது தலைமை அலுவலகச் செலவு 3 கோடியை ஆலையின் தலையில் போட்டிருந்தார்கள். ஆலை போனாலும் தலைமை அலுவலகம் போகாது. சம்பளமும் வாடகையும் அப்படியே இருக்கும். அதனால் அந்த 3 தொடரும் தொழிலுக்குத் திரும்பியது. ஆலையின் லாபம் 27, தொடரும் தொழிலின் லாபம் 11.

38 கோடி என்று ஊரெல்லாம் சொன்ன வருடத்தின் மேல்வரியில் இப்போது 11 நின்றது. நிர்வாக இயக்குநர் அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம், “இதுதான் நாம இனி நடத்தப்போற கம்பெனி, இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

இருப்புநிலைக் குறிப்பில் அப்படியில்லை. 2022 மார்ச் 31-இன் சொத்துகள் இருந்தபடியே நின்றன. 2023-இல் மட்டும் விற்பனைக்கு வைத்த சொத்து ஒரு வரி, அதோடு சேர்ந்த கடன் இன்னொரு வரி. இரண்டையும் கழித்து நிகரமாகக் காட்டக் கூடாது. இதனால் இரண்டு வருடத்து இயந்திர மதிப்பை ஒப்பிடும் வாசகர் குழம்புவார். அதற்காக ஒரு குறிப்பு எழுதினோம்.

நூல் போன வழி

ஆலையின் நூலில் ஒரு பகுதி திருப்பூர்ப் பிரிவுக்கே போய்க்கொண்டிருந்தது. 2022-23-இல் 36 கோடிக்கு. ஒரே நிறுவனம் என்பதால் உள் விற்பனை மொத்தக் கணக்கில் நீங்க வேண்டும். கேள்வி, எந்தப் பக்கத்தில் நீக்குவது.

யோசிக்காமல் நீக்கினால் ஆலையின் வருமானத்தில் 36-உம் பின்னலாடையின் செலவில் 36-உம் போகும். விளைவு: தொடரும் தொழில் நூலே வாங்காமல் பனியன் தைத்தது போல 36 கோடி அதிக லாபம் காட்டும், நிறுத்தப்பட்ட ஆலை அதே அளவு கூடுதல் நட்டம் காட்டும். மொத்தம் சரி, இரண்டு பாதியும் பொய்.

விதி இதற்கு வழி எதையும் சொல்லவில்லை. சர்வதேச விளக்கக் குழு இதை எடுத்துக்கொண்டபோதும், உள் பரிவர்த்தனைகளை நீக்கும் கடமையை இந்த விதி மாற்றவில்லை என்ற அளவில்தான் நின்றது. நாங்கள் விற்பனை ஒப்பந்தத்தைப் பார்த்தோம். ஆலை கைமாறிய பிறகும் இரண்டு வருடம் திருப்பூர்ப் பிரிவு அதே ஆலையிடமிருந்து சந்தை விலையில் நூல் வாங்கும் என்று அதில் இருந்தது. ஆக நூல் செலவு தொடரும் தொழிலுக்கு நிஜமான செலவு. அதைத் தொடரும் பக்கத்தில் நிற்கவிட்டு, நீக்கத்தின் சரிக்கட்டலை நிறுத்தப்பட்ட செயல்பாட்டின் ஒற்றைத் தொகைக்குள் செய்தோம். குறிப்பில் வரும் ஆலையின் விற்பனையில் வெளியாருக்கு விற்றது மட்டும் இருந்தது. ஏன் இப்படிச் செய்தோம் என்று இரண்டு பத்தி எழுதினோம். தணிக்கையாளர் முதலில் கேட்டது அந்த இரண்டு பத்தியைத்தான்.

ஒரு சிக்கல் தீரவில்லை. உள் விலை உண்மையில் சந்தை விலைதானா என்பதற்கு எழுத்து ஆதாரம் மெலிதாக இருந்தது. மாதாமாதம் மேலாளர் தொலைபேசியில் கேட்டு வைத்த விலை. வெளியாருக்கு அதே கவுண்ட் நூலை விற்ற பில்களோடு ஒப்பிட்டு ஒப்பேற்றினோம்.

முடிவு

சிறப்புத் தீர்மானம் அஞ்சல் வாக்கில் நிறைவேறியது. வங்கிக் கடிதம் தாமதமானதால் ஜூன் காலாண்டு முழுக்க ஆலை விற்பனைத் தொகுதியாகவே இருந்தது. ஜூன் 30 அன்று திரும்ப அளந்ததில் மாற்றமில்லை. 2023 ஜூலை 14 அன்று கைமாறியது. நடைமுறை மூலதனம் 12 ஆகியிருந்ததால் விலை 66.5. உண்மையில் ஆன விற்பனைச் செலவு 1.7, வழக்கறிஞர் கட்டணம் கூடியது. கிடைத்தது 64.8. புத்தக நிகரம் 53-உம் 12-உம், 65. விற்பனையில் 20 லட்சம் நட்டம், அதுவும் நிறுத்தப்பட்ட செயல்பாட்டின் வரியிலேயே.

மூடிக் கிடந்த ஆறு பிரேம்கள் அடுத்த மாதம் பழைய இயந்திர வியாபாரி ஒருவரிடம் எடைக்குப் போயின.

திரும்பச் செய்தால்

இந்தக் கோப்பில் எனக்கு உறுத்தும் இடம் டிசம்பர் 31. ஆலைக்கு இம்பேர்மென்ட் அறிகுறிகள் அப்போதே தெளிவாக இருந்தன. நிறுவனம் சோதனை செய்து, தொடர்ந்து ஓட்டினால் கிடைக்கும் பணத்தின் மதிப்பு புத்தக மதிப்பைவிட அதிகம் என்று தேறியிருந்தது. ஒரே மாதத்தில் 72 கோடிக்கு விற்கத் துணிந்தவர்கள், அந்தச் சோதனையில் நூல் விலை மூன்றே காலாண்டில் மீளும் என்று எழுதியிருந்தார்கள். தணிக்கையாளர் கேள்வி எழுப்பி, கடைசியில் ஏற்றார். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் அழுத்தியிருப்பேன். டிசம்பரில் ஒரு பகுதி நட்டம் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். சரக்கின் 2 கோடிக் குறைப்பில் பாதிக்கு மேல் டிசம்பர் விலையிலேயே தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே வருடத்துக்குள், ஒரே வரிக்குள் வந்து சேர்ந்ததால் ஆண்டுக் கணக்கு தப்பித்தது. காலாண்டு வாசகர் தப்பவில்லை.

மற்றபடி, விற்கும் பேச்சு தொடங்கிய செப்டம்பரிலேயே ஆலையைச் சுற்றிப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்திருக்கலாம். உள் விலைக்கு அன்றிலிருந்தே மாதம் ஒரு வெளிப் பில்லைக் கோப்பில் போட்டிருக்கலாம். வகை மாறும் நாளன்று மென்பொருளில் தேய்மானத்தை யார் நிறுத்துவது என்று ஒரு பெயரை எழுதி வைத்திருந்தால், மார்ச் கடைசி வாரத்தில் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.